சுருக்கத்தில் விட்டுப்போனது

தெய்வசிகாமணி கைபட்டு வந்த எந்தத் தாளையும் நல்லசாமி ஒரே தடவையில் படித்துவிட்டு நம்பியது கிடையாது. இருவரும் ஒரே தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர்கள். தெய்வசிகாமணி பொதுச்செயலாளர், நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் ஆப்பரேட்டர், பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்தவர். நல்லசாமி பிரச்சாரச் செயலாளர். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் கிளார்க். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸ் கிடைத்து, நெய்வேலியிலேயே தங்கிவிட்டவர்.

அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. முந்தைய தடவை போனஸ் பேச்சுவார்த்தை முடிந்தபோது நல்லசாமி எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தைத் தெய்வசிகாமணி ஒரு பக்கமாக வெட்டினார். வெட்டியதில் கேன்டீன்காரர்களுக்குப் பாதிதான் கிடைக்கும் என்ற வரி காணாமல் போனது. விஷயம் தெரிந்ததும் கேன்டீன்காரர்கள் நல்லசாமி வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார்கள். நோட்டீஸின் அடியில் இருந்தது அவர் பெயர்தான்.

ஆகவே எண்பத்து மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் நிர்வாகத்தோடு புதிய ஒப்பந்தம் கையெழுத்தானதும் நல்லசாமி முந்திக்கொண்டார். ஒப்பந்தம் ஆங்கிலத்தில், பின்னிணைப்புகளோடு கனமாக ஒரு கட்டு. அதைத் தமிழில் நான்கு பக்கமாகச் சுருக்கிச் செயற்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். நான்கு பக்கத்திலிருந்து ஆளுக்கொரு துண்டு நோட்டீஸ். நோட்டீஸிலிருந்து சுவரொட்டி. கடைசியில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட் முன்னால் மைக்கில் சொல்லும் நாலு வாக்கியம். ஒவ்வொரு படியிலும் கத்தரி விழும். கத்தரி யார் கையில் இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

செயற்குழுக் கூட்டத்தில் அவர் எழுந்தார்.

"சுருக்குததுல எனக்கு ஆட்சேபம் இல்ல. ஆனா எத விடலாம், எத விடக்கூடாதுன்னு முதல்லயே முடிவு பண்ணிருவோம். எது போனாலும் இது போகக்கூடாதுன்னு உள்ள விஷயத்த மட்டும் நான் ஒரு லிஸ்ட் போடுதேன். ஒவ்வொரு தடவ சுருக்கினதுக்கு அப்புறமும் அந்த லிஸ்டோட ஒத்துப் பாப்போம். எல்லாத்துக்கும் டிக் விழுந்தாத்தான் அச்சுக்குப் போகணும்."

தெய்வசிகாமணி சிரித்தார். "இன்னா அண்ணாச்சி, என் மேல போலீஸ் போடுறீங்களா?"

"யார் மேலயும் இல்ல. தாள் மேலதான்."

சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ணன் மின்நிலையத்தில் ஃபோர்மேன். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப் போனவர். "நல்ல யோசனைதானே, போடுங்க" என்றார். முடிந்தது.

நல்லசாமி பட்டியலை எழுதினார். சம்பள உயர்வு எந்தத் தேதியிலிருந்து, நிலுவை எப்படி வரும், இரவு ஷிப்ட் படி, மருத்துவ வசதி, ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு, அதற்குள் புதுக் கோரிக்கை வைக்க முடியாது என்ற கட்டுப்பாடு, இப்படி ஒன்பது விஷயம். ஏழாவதாக, 'கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் மூப்பு வரிசைப்படி பர்மனென்ட் ஆக்கப்படுவார்கள்' என்று எழுதினார். தெய்வசிகாமணியின் கண் எங்கே போகும் என்று யோசித்து யோசித்து எழுதிய பட்டியல் அது. கசப்பான செய்தி எல்லாம் அதில் இருந்தது. இனிப்பை மட்டும் சொல்லிக் கைத்தட்டல் வாங்க அவரை விடக்கூடாது என்பதுதான் நல்லசாமியின் எண்ணம்.

நான்கு பக்கச் சுருக்கத்தை அவரே எழுதினார். ஒன்பதுக்கும் டிக் விழுந்தது. நோட்டீஸைத் தெய்வசிகாமணி எழுதிக் கொண்டுவந்தார்.

நல்லசாமி அதை நான்கு பக்கத்தோடு ஒப்பிடவில்லை. சுருக்கத்தைச் சுருக்கத்தோடு ஒப்பிட்டால் முதலில் விழுந்த ஓட்டை கடைசி வரைக்கும் தெரியாது என்பது அவர் வாதம். பட்டியலை மேஜையில் விரித்து, ஒவ்வொரு விஷயத்துக்கும் நோட்டீஸில் எந்த வரி என்று விரல் வைத்துத் தேடினார். விரல் வைக்க இடம் கிடைத்தால்தான் டிக். 'சொல்லாமலே புரியும்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆறாவதுக்கு விரல் வைக்க இடமே இல்லை.

"புதுக் கோரிக்கை வைக்க முடியாதுங்கிறது எங்க?"

"நாலு வருஷ ஒப்பந்தம்னு போட்டிருக்கேன் இல்ல?"

"நாலு வருஷம்னா நாலு வருஷத்துக்குச் சம்பளம் கூடுதுன்னுதான் படிக்கிறவன் நெனைப்பான். வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு?"

"ஜனங்க சந்தோஷமா இருக்கிற நேரம். அத அப்பறம் சொல்லிக்கலாம்னு பாத்தேன்."

"அப்பறம்னா எப்ப?"

தெய்வசிகாமணி பேனாவை எடுத்து அந்த வரியைச் சேர்த்துவிட்டு, சம்பள உயர்வுக்கு முன்னால் இருந்த வாழ்த்து வாக்கியத்தை அடித்தார். அன்று வீட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் நல்லசாமிக்கு மனசு லேசாக இருந்தது. சந்தேகப்பட்டது வீண் போகவில்லை.

நோட்டீஸ் மந்தாரக்குப்பத்தில் வேணுவின் அச்சகத்தில் அச்சாகி வந்தது. சுவரொட்டியும் ஒன்பது டிக்கோடு போனது. பஸ் ஸ்டாப், கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்டு எல்லா இடத்திலும் ஒட்டினார்கள். கேட் கூட்டத்தில் தெய்வசிகாமணி மைக் பிடித்தபோது நல்லசாமி கூட்டத்தின் ஓரத்தில் பட்டியலோடு நின்றார். ஒன்றையும் அவர் விடவில்லை. விடுவார் என்று காத்திருந்த நல்லசாமிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மார்ச் மாதம் பாதி கழிந்திருக்கும். ஒரு சாயங்காலம் நல்லசாமி சங்க அலுவலகத்துக்குப் போனபோது உள்ளே விளக்கு எரிந்தது. தெய்வசிகாமணியும் கோபாலகிருஷ்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரமாக விருத்தாம்பாள் நின்றாள். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் பழுப்பு நிலக்கரியை வாரிப்போடும் கான்ட்ராக்ட் வேலைக்காரி, வடக்குத்துக்காரி. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள் என்று புடவையில் படிந்திருந்த பழுப்புத் தூளே சொன்னது. ஆங்கில ஒப்பந்தம் கோபாலகிருஷ்ணன் மடியில் விரிந்து கிடந்தது.

யாரும் 'வாங்க' என்று சொல்லவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றார் தெய்வசிகாமணி கடைசியில். குரலில் சிரிப்பில்லை. "விருத்தாம்பா, என்னாண்ட கேட்டதச் சாராண்டையும் கேளு."

விருத்தாம்பாள் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஒண்ணும் இல்லீங்க. எங்களப் பர்மனென்ட் பண்றாங்கன்னு போஸ்டர்ல போட்டிருக்கீங்க. அதுக்கு நாங்க எதுனா பண்ணணுமா, இல்ல அவங்களே கூப்புடுவாங்களான்னு கேட்டேன். அதான்."

"அவங்களே..." என்று ஆரம்பித்த நல்லசாமி பாதியில் நிறுத்திக்கொண்டார். கோபாலகிருஷ்ணனின் முகம் அவரை நிறுத்தியது.

"நானும் அப்பிடித்தான் சொல்ல வந்தேன்" என்றார் தெய்வசிகாமணி. "அவங்களே கூப்புடுவாங்க, வூட்டுக்குப் போன்னு. அப்பறம் எதுக்கும் பாத்துடலாம்னு தலைவரப் படிக்கச் சொன்னேன். பின்னால இருக்கிற இணைப்பப் படிங்க தலைவரே."

கோபாலகிருஷ்ணன் ஆங்கிலத்திலேயே படித்தார்; விருத்தாம்பாளுக்குப் புரிந்தது மார்ச் என்ற சொல் மட்டும். பர்மனென்ட் ஆக விரும்பும் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒவ்வொருவரும், கான்ட்ராக்டரிடம் சர்வீஸ் சான்றிதழ் வாங்கி, பணியாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீஸில் தானே நேரில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள். கொடுக்காதவர் பெயர் மூப்பு வரிசையில் சேராது.

தெய்வசிகாமணி நல்லசாமி பக்கம் திரும்பினார்.

"நாலு பக்கத்துல இல்ல. நோட்டீஸ்ல இல்ல. போஸ்டர்ல இல்ல. நான் மைக்குல பேசினதுலயும் இல்ல" என்றார் தெய்வசிகாமணி. "எல்லாத்துக்கும் ஒம்போது டிக்கு. ஏன்னா லிஸ்ட்லயே இல்ல. லிஸ்ட்டு போட்டது யாரு?"

"நான்தான்."

"உங்க மச்சான் அய்யாசாமி எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சிட்டு உங்க வூட்லதான் இருக்காரு. கான்ட்ராக்ட் ஆளுங்க உள்ள போயிட்டா வெளியில இருந்து எடுக்கிறது கொறஞ்சிடும். இல்லியா?"

நல்லசாமிக்குக் காது மடல் சுட்டது. "என்ன பேசுதீரு நீரு? எம் மச்சானுக்காக இத்தன குடும்பத்து வயித்துல அடிப்பேன்னு சொல்லுதீரா?"

"நான் ஒண்ணும் சொல்லல. அந்தப் புதுக் கோரிக்கை வரிய நான் விட்டப்ப நீங்க இன்னா நெனைச்சீங்க? மறந்துட்டான்னு நெனைச்சீங்களா, வேணும்னே விட்டான்னு நெனைச்சீங்களா?"

விருத்தாம்பாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்களுக்கு இன்னும் நாள் இருக்குதில்லீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்கு" என்றார் கோபாலகிருஷ்ணன். "சண்டைய அப்பறம் வச்சிக்குங்க. நாளைக்குச் சாயங்காலம் புதுசா எழுதணும். விருத்தாம்பா, நீயும் வா."

நல்லசாமி நடந்தே வீட்டுக்குப் போனார். மனைவி இசக்கியம்மாள் சாப்பாடு போட்டாள். முன்னறையில் அவள் தம்பி அய்யாசாமி பேப்பரில் வேலை விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததை நல்லசாமி அவளிடம் சொன்னார். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே தணிந்த குரலில் கேட்டாள்.

"நீங்க அதப் படிக்கவே இல்லியா?"

"படிச்சேன்."

"படிச்சீயளா? பொறவு?"

அவர் படித்திருந்தார். அந்த இணைப்பை, அந்தத் தேதியை, 'நேரில்' என்ற சொல்லைப் படித்தது நன்றாக ஞாபகம் இருந்தது. டவுன் பஸ்ஸில் வரும்போது படித்தார். அன்று பக்கத்து சீட்டில் அய்யாசாமி உட்கார்ந்து, 'இந்த வருஷமாவது ஆள் எடுப்பாங்களா அத்தான்?' என்று கேட்டுக்கொண்டு வந்ததும் ஞாபகம் இருந்தது. மறுநாள் பட்டியல் எழுதும்போது அந்த வரி ஏன் வரவில்லை என்பதுதான் ஞாபகத்தில் இல்லை. தெய்வசிகாமணி எதை மறைப்பார் என்பதிலேயே கண் இருந்தது. அவர் ஊர் ஆட்களான கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் சம்பந்தப்பட்டதை அவர் மறைக்க மாட்டார் என்று அந்தப் பக்கம் பார்க்காமல் விட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இதே காரணத்தைத் தெய்வசிகாமணி சொல்லியிருந்தால் தான் நம்பியிருப்போமா என்று கேட்டுப் பார்த்தார். நம்பியிருக்க மாட்டார்.

"எதுக்கு விட்டேன்னு எனக்கே தெரியல" என்றார்.

இசக்கியம்மாள் முன்னறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவரை அதிகம் உறுத்தியது.

மறுநாள் சாயங்காலம் அலுவலகத்தில் அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். "அந்த இணைப்ப நான் படிச்சேன். லிஸ்ட்ல எழுதல. வேணும்னு விட்டதா எனக்குத் தோணல. ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா, எதச் சொல்லிப் பண்ணுததுன்னு தெரியல. பிரச்சாரச் செயலாளர் வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

தெய்வசிகாமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கவே இல்லை, இணைப்பு கண்ணில் படவில்லை என்று நல்லசாமி தப்பிப்பார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"வேற ஆளு வந்தா அவருக்கும் ஒரு மச்சான் இருப்பாரு" என்றார். "உங்கள நம்புறேன்னு சொல்லலீங்க. நானும் அந்தக் கோரிக்கை வரிய வேணும்னேதான் விட்டேன். அதையும் சொல்லிடுறேன். உக்காருங்க. லிஸ்ட்டு நல்லதுதான். ஒருத்தரே போட்டதுதான் தப்பு."

அதற்குப் பிறகு வேலை நடந்தது. ஒப்பந்தத்தைக் கோபாலகிருஷ்ணன் முதல் பக்கத்திலிருந்து கடைசி இணைப்பு வரை ஒரு வரி விடாமல் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். மற்ற இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாமல், தங்கள் பட்டியலை எழுதினார்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. ஒத்துப்போகாத இடத்தில்தான் பேச்சு நீண்டது. பழைய ஏழாவது விஷயம் உடைந்து ஐந்தானது: யாருக்கு, என்ன செய்ய வேண்டும், எங்கே, எந்தத் தேதிக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும். பலன் ஒரு டிக், நிபந்தனை இன்னொரு டிக் என்று பிரித்துவிட்டால் ஒன்று இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

புதுச் சுவரொட்டியை நல்லசாமி எழுதினார். தான் எழுதியதைத் தானே ஒத்துப்பார்க்கக் கூடாது என்று தெய்வசிகாமணி தாளை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, சந்தேகத்தோடு, நல்லசாமி முன்பு செய்த மாதிரியே செய்தார். எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது.

"போதுமா?" என்றார் நல்லசாமி.

"எனக்குப் போதும். ஆனா நமக்குத்தான் விஷயம் முன்னாடியே தெரியுமே. தெரிஞ்சதயே தாள்ல பாக்குறோம்." தெய்வசிகாமணி கதவுப் பக்கம் திரும்பினார். கோபாலகிருஷ்ணன் மொழிபெயர்த்துச் சொன்ன நேரமெல்லாம் விருத்தாம்பாள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். "விருத்தாம்பா, உள்ள வா. அண்ணாச்சி ஒரு தடவ படிப்பாரு. கேட்டுட்டுச் சொல்லு."

நல்லசாமி படித்தார். 'கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் பர்மனென்ட் ஆக, கான்ட்ராக்டரிடம் சர்வீஸ் சான்றிதழுடன் மார்ச் 31க்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பர்சனல் ஆபீஸில் நேரில் பெறப்படும். தவறினால் மூப்பு வரிசையில் பெயர் இராது.'

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெய்வசிகாமணி கேட்டார். "எந்தத் தேதிக்குள்ள?"

"மார்ச்சு முப்பத்தொண்ணுங்க."

"குடுக்காட்டி?"

"பேரு போயிடும்."

"யாராண்ட குடுக்கணும்?"

"கான்ட்ராக்டராண்ட. அவரு கொண்டாந்து ஆபீஸ்ல குடுத்துடுவாரு."

நல்லசாமி தாளைத் திரும்பப் பார்த்தார். 'கான்ட்ராக்டரிடம்', 'விண்ணப்பம் கொடுக்க வேண்டும்', 'பர்சனல் ஆபீஸில்', 'நேரில்' எல்லாச் சொல்லும் இருந்தன. விரல் வைக்க இடம் இருந்தது. டிக்கும் விழுந்திருந்தது. ஆனால் அவள் புரிந்துகொண்டது வேறு விஷயம். தப்பு அவள் காதில் இல்லை. வாக்கியம்தான் அப்படி நின்றது.

அன்றைக்கு முதல் தடவையாகத் தெய்வசிகாமணி சிரித்தார். "இத யாரு மேல போடுறது அண்ணாச்சி?"

நல்லசாமி பேனாவை எடுத்தார். வாக்கியத்தை இரண்டாக வெட்டி, கடைசியில் ஒரு வரியும் சேர்த்தார். 'கான்ட்ராக்டரிடம் சர்வீஸ் சான்றிதழ் வாங்குங்கள். பிறகு நீங்களே பர்சனல் ஆபீஸுக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுங்கள். கான்ட்ராக்டரிடம் கொடுத்தால் செல்லாது.' சுவரொட்டி கொஞ்சம் நீண்டது. இடத்துக்காகச் சங்கத்தின் பெயரைச் சின்ன எழுத்தாக்கினார்கள். இரண்டாவது தடவை படித்தபோது விருத்தாம்பாள் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "எங்க கான்ட்ராக்டரு சான்றிதழ் குடுக்கலேன்னா?" என்றாள்.

கோபாலகிருஷ்ணன் இணைப்பை மறுபடி புரட்டிப் பார்த்தார். ஒப்பந்தத்தில் அதற்குப் பதில் இல்லை. இல்லாததை எழுத முடியாது. "குடுக்கலேன்னா சங்கத்துக்கு வா, நான் கூட வரேன்" என்றார் தெய்வசிகாமணி. அதை வாயால்தான் சொன்னார், சுவரொட்டியில் சேர்க்கவில்லை.

பழைய சுவரொட்டி மேலேயே புதியதை ஒட்டினார்கள். ஒலிபெருக்கி கட்டிய டாக்ஸி வடக்குத்துத் தெருக்களிலும் சுற்று ஊர்களிலும் போயிற்று. நாலு வாக்கியம் போதும் என்று இருந்ததை ஏழாக்கிக் கோபாலகிருஷ்ணனே படித்தார். மாதக் கடைசியில் பர்சனல் ஆபீஸ் வாசலில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. டைம் ஆபீஸுக்குப் போகும் வழியில் நல்லசாமி அதைப் பார்த்தார். விருத்தாம்பாள் நடுவில் எங்கேயோ, மஞ்சள் பைக்குள் தாள்களை வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பாதிப் பேராவது வந்திருக்கிறார்களா, யாராவது முதல் சுவரொட்டியை மட்டும் படித்துவிட்டு வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்களா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

அந்த வருஷம் அய்யாசாமிக்கு அழைப்பு வரவில்லை. ஊருக்கே போய்விட்டான். அத்தானைக் குறை சொன்னதாக எதுவும் காதுக்கு வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒப்பந்தப் பேச்சு வந்தால் இசக்கியம்மாள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

அடுத்த ஆடி மாதம் மருத்துவ விதிகள் மாறியதாக நிர்வாகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதையும் சுருக்க வேண்டியிருந்தது. நல்லசாமியும் தெய்வசிகாமணியும் அலுவலகத்தில் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்து எழுதினார்கள். நல்லசாமி நிமிர்ந்து பார்த்தபோது தெய்வசிகாமணி தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டார். நல்லசாமியும் தன்னுடையதை மறைத்துக்கொண்டார். பிறகு இரண்டையும் கோபாலகிருஷ்ணனிடம் கொடுத்தார்கள்.

"உம்ம லிஸ்ட்ல என்ன விட்டுருக்கீருன்னு பாக்கத்தான் போறேன்" என்றார் நல்லசாமி.

"பாருங்க. நானும் அதுக்குத்தான் உக்காந்துகினு இருக்கேன்" என்றார் தெய்வசிகாமணி.